சொல்லாமல் வராமல் போகிறவர்களுக்கு என்ன எழுதுவது, எப்படி நியாயமாக நடத்துவது: ஒரு முழுமையான வழிகாட்டி

நேரம் குறித்துக்கொண்டு ஒருவரை ஒருவராகப் பார்க்கும் எந்தத் தொழிலிலும் இந்தச் சிக்கல் உண்டு. நான் பிசியோதெரபி செய்கிறேன். 45 நிமிட அமர்வுகள், ஒரு நாளைக்கு எட்டுப் பேர். ஒருவர் சொல்லாமல் வராமல் போனால் அந்த முக்கால் மணி நேரம் போனதுதான். வலியோடு காத்திருப்போர் பட்டியலில் இருந்த இன்னொருவருக்கும் அது கிடைக்காமல் போகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு எழுதப்படும் அறிவிப்புகள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

எப்போதாவது ஒருமுறை மறந்துபோகிறவர்களை விட்டுவிடுவோம். திரும்பத் திரும்ப வராமல் போகிற சிலருக்காக ஒரு விதியை எழுதுவது, அதை ஆளுக்கொரு மாதிரி இல்லாமல் நடத்துவது, இந்த இரண்டைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் எட்டு வாரக் கணக்கு

அறிவிப்பு எழுதும் முன் எட்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி, நேரம், யார், எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொன்னார், அந்த இடம் வேறொருவருக்குப் போனதா என்று ஐந்து பத்திகள் போதும். ஆறாவதாக ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்: தவறு நம் பக்கமா? நாம் தேதியை மாற்றி எழுதியிருக்கலாம், பழைய எண்ணுக்கு மெசேஜ் போயிருக்கலாம். இந்தப் பத்தி இல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். எட்டு வாரத்தில் 320 அமர்வுகள். சொல்லாமல் வராதவை 26. அவற்றில் 4 நம் தவறு. மீதி 22-இல் 13 அமர்வுகளைத் தவறவிட்டவர்கள் நான்கே பேர். மற்ற ஒன்பதும் ஒன்பது வெவ்வேறு ஆட்கள், ஆளுக்கு ஒரு முறை. இப்படிப் பிரித்துப் பார்த்ததும் விதி யாருக்குத் தேவை என்பது தெரிந்துவிடுகிறது. முதல் தடவையே கட்டணம் வாங்கினால் அந்த ஒன்பது பேரைத்தான் நோகடிப்போம். பிரச்சினை இருப்பது நான்கு பேரிடம்.

அதே நோட்டு இன்னொன்றையும் சொல்லும்: எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொன்னால் அந்த இடத்தை நிரப்ப முடிகிறது என்பதை. ஒரு நாள் முன்னால் காலியான இடங்கள் பெரும்பாலும் நிரம்பி, ஆறு மணி நேரம் முன்னால் காலியானவை சும்மாவே கிடந்தால், உங்கள் கெடு 24 மணி நேரம். ஊரெல்லாம் 48 மணி நேரம் போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம். யாராவது ஏன் இந்தக் கெடு என்று கேட்டால், நோட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

நம் பக்கத்துப் பிழைகளைச் சரிசெய்வது

என் கிளினிக்கில் ஒரே ஒரு போன். அமர்வு நடக்கும்போது நான் அதை எடுப்பதில்லை. ஆகவே கேன்சல் செய்ய முயன்ற ஒருவர் மூன்று முறை அழைத்துவிட்டு, பதில் இல்லாமல் விட்டுவிட்டார். என் நோட்டில் அவர் ‘சொல்லாமல் வராதவர்’. போனில் விடுபட்ட அழைப்புகளைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கேன்சல் செய்ய எளிய வழி ஒன்று இல்லாத வரை யார் மீதும் விதியைப் போடக் கூடாது. பதில் அனுப்பக்கூடிய மெசேஜ் எண் ஒன்று இருந்தாலே போதும்.

ரிமைண்டர் எப்போது போகிறது என்பதையும் பாருங்கள். கெடு 24 மணி நேரம் என்று வைத்துவிட்டு, ரிமைண்டரை 20 மணி நேரம் முன்னால் அனுப்பினால் அது நினைவூட்டல் ஆகாது, பொறியாகிவிடும். அதைப் பார்த்து நினைவு வந்து கேன்சல் செய்பவருக்குக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள், தங்களுக்கே தெரியாமல். இரண்டு நாள் முன்னால் ஒன்று, அன்று காலை ஒன்று என்று அனுப்பினால் சரியாக இருக்கும். முதல் மெசேஜில் ‘வர முடியாவிட்டால் இதற்கே பதில் அனுப்புங்கள்’ என்ற வரி இருக்கட்டும்.

அடுத்த அமர்வின் தேதியையும் நேரத்தையும் அவரையே எழுதச் சொல்வதும் பலன் தருகிறது. நாம் எழுதிக் கொடுத்த சீட்டைவிட, தன் கையால் எழுதியது நினைவில் நிற்கிறது. இங்கிலாந்தின் மருத்துவ மையங்களில் இதைச் சோதித்துப் பார்த்து, வராமல் போவோர் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. எத்தனை பேர் வரவில்லை என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்குப் பதில், எத்தனை பேர் நேரத்துக்கு வருகிறார்கள் என்று எழுதினார்கள். ‘போன மாதம் 40 பேர் வரவில்லை’ என்ற வரி, வராமல் இருப்பது எல்லோரும் செய்வதுதான் என்று படிப்பவர் காதில் விழும். உங்கள் அறிவிப்பிலும் அந்த மாதிரி வரி வேண்டாம்.

அபராதத்தை நம்பும் முன்

யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களைக் கவனித்தார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, கூடியது. பிறகு அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2000-இல் இந்த முடிவுகள் வெளியாயின. அதுவரை ‘ஆசிரியர் காத்திருக்கிறாரே’ என்ற உறுத்தல் இருந்தது. பணம் கட்டியதும் அது ஒரு விலையாகிவிட்டது என்பது அவர்களது விளக்கம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பணத்தை முதல் படியில் வைக்கக் கூடாது என்பதுதான். வைத்தால், வசதி உள்ளவர் அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக வராமல் இருப்பார். வசதி இல்லாதவர் வெட்கப்பட்டு சிகிச்சையையே நிறுத்திவிடுவார். இடம் காலியாகவே கிடக்கும். நான் வாங்குவது முன்பணம், அதுவும் மூன்றாவது தடவைக்குப் பிறகு, அதுவும் பாதிக் கட்டணம். வந்தால் அது அன்றைய கட்டணத்தில் கழிந்துவிடும். வராவிட்டால்தான் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தவறிய அமர்வுக்குக் கட்டணம் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் மாறும். அரசுத் திட்டமோ காப்பீடோ பணம் கட்டும் இடங்களில் தடையும் இருக்கலாம். உங்கள் தொழில் அமைப்பிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுவிடுங்கள். வாங்கினால் ரசீதில் ‘தவறிய அமர்வுக்கான தொகை’ என்றே எழுத வேண்டும். நடக்காத சிகிச்சையை நடந்ததாக எழுதிக் காப்பீட்டுக்கு அனுப்புவது மோசடி.

படிகள்

முதல் தடவை: விசாரிக்கும் மெசேஜ் மட்டும். இரண்டாவது தடவை: நேரில் அல்லது போனில் பேச்சு, பேசியதை எழுத்தில் அனுப்புவது. மூன்றாவது தடவை: இனி நேரம் குறிக்கப் பாதிக் கட்டணம் முன்பணம். நான்காவது: முன்கூட்டி நேரம் தருவதில்லை, அன்றன்று காலியாகும் இடம் இருந்தால் அழைப்போம். தொடர்ந்து பத்து அமர்வு தவறாமல் வந்தாலோ, தவறுதல் இல்லாமல் ஆறு மாதம் கடந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது எண்ணிக்கை பூஜ்யம்.

கடைசி நிமிடத்தில் சொல்கிறவரை என்ன செய்வது? சொல்லாமல் வராதவரையும் ஒரு மணி நேரம் முன்னால் சொன்னவரையும் ஒரே தட்டில் வைத்தால், சொல்வதற்கு யாருக்கும் காரணமே இருக்காது. எப்படியும் தண்டனை என்றால் ஏன் போன் செய்ய வேண்டும்? ஆகவே கெடு தாண்டித் தாமதமாகச் சொன்னவை இரண்டு சேர்ந்தால்தான் ஒரு தவறுதல் என்று வைத்திருக்கிறேன்.

விலக்குகளை முன்கூட்டியே எழுதிவையுங்கள். திடீர் நோய், விபத்து, வீட்டில் மரணம், பராமரிக்கும் குழந்தைக்கோ முதியவருக்கோ அவசரம், போக்குவரத்தே நின்றுபோகும் வானிலை. இவற்றுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. பொய் சொல்கிறவருக்குச் சான்றிதழ் வாங்குவது சிரமமில்லை; அப்பாவை இழந்தவரிடம் தாள் கேட்பதுதான் கொடுமை. ஏமாற்றுகிறவர் இரண்டொரு முறை தப்பிவிடலாம், அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மறதி நோய், மனச்சோர்வு, வெளியே வரவே தயங்கும் பதற்றம் உள்ளவர்களுக்கு வராமல் போவதே நோயின் ஒரு முகமாக இருக்கலாம். அவர்களுக்குப் படிகளை ஏற்றுவதற்கு முன் வழியை மாற்றிப் பாருங்கள்: அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவருக்கும் ரிமைண்டர், அன்று காலை ஒரு போன் அழைப்பு, பகலில் தாமதமான நேரம். குழந்தைகள் விஷயத்திலும் அப்படியே. வராதது குழந்தை இல்லை, கூட்டிவர வேண்டியவர்.

நமக்கும் ஒரு விதி வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நான் கேன்சல் செய்தால் அவருடைய அடுத்த அமர்வில் பாதிக் கட்டணம் குறையும். இந்த வரியைச் சேர்த்த பிறகு மற்ற வரிகளைப் பற்றி யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

அறிவிப்பு

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். நான்கு பேருக்கு மட்டும் அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை. நடைமுறைக்கு வரும் தேதி குறைந்தது நான்கு வாரம் தள்ளி இருக்கட்டும். பழைய தவறுதல்களை எண்ணாதீர்கள். எட்டு வார நோட்டு விதியை வகுப்பதற்கு மட்டும். இல்லாத விதியை ஒருவர் மீற முடியாது. என் அறிவிப்பு இது:

> வணக்கம். நீங்கள் குறித்த நேரம் உங்களுக்காகவே ஒதுக்கப்படுகிறது. வர முடியாதபோது முன்னதாகச் சொன்னால், காத்திருக்கும் இன்னொருவருக்கு அதைத் தர முடியும். அதற்காக அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இந்த முறையைப் பின்பற்றுகிறோம்.
>
> வர முடியாவிட்டால் 24 மணி நேரம் முன்னால் இந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தாமதமாகிவிட்டாலும் சொல்லுங்கள்; சொல்லாமல் இருப்பதைவிட அது எப்போதும் நல்லது. அப்படித் தாமதமாகச் சொன்னவை இரண்டு சேர்ந்தால் ஒரு தவறுதலாக எண்ணுவோம்.
>
> சொல்லாமல் வராமல் போனால், முதல் முறை விசாரிப்போம். இரண்டாம் முறை உங்களோடு பேசி, பொருத்தமான நேரத்தைத் தேடுவோம். மூன்றாம் முறைக்குப் பிறகு நேரம் குறிக்கப் பாதிக் கட்டணம் முன்பணம் கேட்போம். நீங்கள் வந்ததும் அது கட்டணத்தில் கழியும், சொல்லாமல் வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. நான்காம் முறைக்குப் பிறகு அன்றன்று காலியாகும் நேரத்தை மட்டும் தர முடியும். தொடர்ந்து பத்து அமர்வு வந்தாலோ, தவறாமல் ஆறு மாதம் கடந்தாலோ எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும்.
>
> நோய், விபத்து, மரணம், வீட்டில் அவசரம், பயணம் செய்ய முடியாத வானிலை ஆகியவை எண்ணப்படாது. சான்று தேவையில்லை. வருவதில் உங்களுக்குத் தொடர்ந்து சிரமம் இருந்தால் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்வோம்.
>
> நாங்கள் 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் உங்கள் அடுத்த அமர்வுக்குப் பாதிக் கட்டணம்.
>
> இதற்கு முன் நடந்தவை எதுவும் எண்ணப்படவில்லை. படித்துவிட்டு ‘சரி’ என்று பதில் அனுப்புங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

அந்த ‘சரி’யைச் சேமித்து வையுங்கள். பதில் வராதவர்களுக்கு அடுத்த அமர்வில் தாளைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். சம்மதம் பதிவாகாத ஒருவரிடம் முன்பணம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டால் பின்னால் தகராறு வராது.

ஒருவர் விஷயத்தில் நடந்தது

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்துகொண்டிருந்த ஒரு பெண். செவ்வாய், வெள்ளி மாலை 6 மணி. இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை வரவில்லை. 6:15-க்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: ‘இன்று 6 மணிக்கு உங்களை எதிர்பார்த்தோம். நலம்தானே? அடுத்த நேரம் செவ்வாய் 6 மணி, வர முடியுமா என்று சொல்லுங்கள்.’ அவ்வளவுதான். விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறுவை சிகிச்சை ஆனவர் வீட்டில் விழுந்து கிடக்கிறாரா என்பதுதான் அந்த நேரத்தில் முதல் கேள்வி.

ஆறாம் வாரம் மறுபடி. இம்முறை போனில் பேசினேன். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் சாக்குதான் வரும். ‘இந்த நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறதா?’ என்று கேட்டேன். ஒன்றுவிட்ட வாரம் வேலை நேரம் மாறுகிறது, அதைச் சொன்னால் கிடைத்த நேரமும் போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை என்றார். இரண்டு தவறுதலும் அந்த மாறிய வாரங்களில் நடந்தவைதான். அமர்வுகளைக் காலை 7:30-க்கு மாற்றினோம். பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பினேன், இது இரண்டாவது என்ற வரியும் அதில் இருந்தது.

ஒன்பதாம் வாரம் காலை நேரத்துக்கும் வரவில்லை. தூங்கிவிட்டேன் என்றார். எனக்கு அவரைப் பிடிக்கும். முழங்கால் நன்றாக மடங்கத் தொடங்கியிருந்த சமயம். விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் தூக்கம் விலக்குப் பட்டியலில் இல்லை. இப்படி எழுதினேன்: ‘இது மூன்றாவது முறை. இனி நேரம் குறிக்கும்போது பாதிக் கட்டணம் முன்பணம் தேவை. வந்ததும் கழித்துக்கொள்வோம். பத்து அமர்வு தொடர்ந்து வந்தால் இது நீங்கும். கணக்கில் தவறு இருப்பதாக நினைத்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள், தேதிகளைச் சேர்ந்து பார்ப்போம்.’ கீழே மூன்று தேதிகள்.

அவர் கோபமாகப் பதில் எழுதினார். நான் அன்றே பதில் போடவில்லை. தனியாகத் தொழில் செய்கிறவருக்கு மேல்முறையீட்டைக் கேட்க இன்னொருவர் இல்லை, அதனால் ஒரு இரவைத்தான் நடுவராக வைக்க முடியும். மறுநாள் தேதிகளைத் திரும்பச் சரிபார்த்து, சரியாக இருந்ததால் அதையே மென்மையாகச் சொன்னேன். அவர் முன்பணம் கட்டினார், தொடர்ந்து வந்தார்.

யாரை விட்டுக்கொடுத்தோம்

விதியை எழுதுவதைவிட இது கடினம். ஒவ்வொரு விலக்கையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: யாருக்கு, எந்தக் காரணம், அந்தக் காரணம் பட்டியலில் இருந்ததா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நான் முதன்முதலாகப் பார்த்தபோது, பட்டியலில் இல்லாத காரணத்துக்காக நான்கு முறை விட்டுக்கொடுத்திருந்தேன். நான்கும் ஒரே ஆளுக்கு. பல வருடமாக வருகிறவர், கலகலப்பாகப் பேசுகிறவர். அதே மாதங்களில், அதிகம் பேசாத ஒரு இளைஞரிடம் மூன்றாவது தடவையே முன்பணம் கேட்டிருந்தேன். நான் யாரையும் பாகுபாடாக நடத்துகிறேன் என்று அதுவரை நினைத்ததே இல்லை. தாள் இல்லாவிட்டால் இன்றும் தெரிந்திருக்காது. அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய கிளையன்ட்டிடம், இனி உங்களுக்கும் எண்ணுவேன் என்று நேரிலேயே சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

விலக்குத் தாளில் ஒரே காரணம் பலருக்குத் திரும்பத் திரும்ப வந்தால், விதியைத்தான் திருத்த வேண்டும். பள்ளி விடுமுறை வாரங்களில் பெற்றோர் பலர் தவறவிட்டால், அந்த வாரங்களுக்கு முன்பே நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி மெசேஜ் அனுப்புவது சரியான பதில்.

நான்காம் படிக்குப் பிறகும் ஒருவர் தவறவிட்டால் உறவை முடிக்க வேண்டிவரலாம். சிகிச்சையின் நடுவில் திடீரென்று கைவிடக் கூடாது. எழுத்தில் சொல்லி, வேறு இடம் தேடிக்கொள்ள நியாயமான காலம் கொடுத்து, அவருடைய சிகிச்சைக் குறிப்புகளைக் கையில் கொடுத்து, முடிந்தால் இரண்டு மூன்று பேரைப் பரிந்துரைத்துவிட்டு முடியுங்கள். உங்கள் தொழிலின் நெறிமுறை இதற்கு என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை பூஜ்யமானதையும் நாமேதான் சொல்ல வேண்டும், அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. முழங்கால் சிகிச்சைக்கு வந்த அந்தப் பெண் பத்தாவது அமர்வை முடித்த மாலை அனுப்பினேன்: ‘இன்றோடு பத்து. இனி உங்களுக்கு முன்பணம் வேண்டாம்.’